விடைக்கு முன் உச்சவரம்பு: பழைய வினாத்தாளில் எண்ணும் விதியை அடையாளம் காண்பது

2016 ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்வில் ஒரு கேள்வி வந்தது. ஒரு விவாத மன்றத்தில் 6 மாணவிகள், 4 மாணவர்கள். அவர்களிலிருந்து 4 பேர் கொண்ட அணியையும், அந்த நால்வரில் ஒருவரை அணித்தலைவராகவும் தேர்ந்தெடுக்க வேண்டும். அணியில் அதிகபட்சம் ஒரு மாணவர்தான் இருக்கலாம். எத்தனை வழிகள்? கொடுக்கப்பட்ட ஆப்ஷன்கள் 380, 320, 260, 95.

மாணவரே இல்லாத அணிகள் C(6,4) = 15. ஒரே ஒரு மாணவர் உள்ள அணிகள் 4 × C(6,3) = 80. இரண்டும் ஒரே சமயத்தில் நடக்க முடியாதவை என்பதால் கூட்டினால் 95. ஒவ்வோர் அணிக்கும் தலைவரைத் தேர்ந்தெடுக்க 4 வழிகள், ஆகவே 95 × 4 = 380. விடை இதுதான். ஆனால் தவறான ஆப்ஷன்களையும் ஒரு நிமிடம் பாருங்கள். 95 என்பது தலைவரை மறந்தவர்களுக்கு, அதாவது பெருக்கல் விதியை விட்டவர்களுக்குக் கிடைப்பது. 320 என்பது 80 × 4. “அதிகபட்சம் ஒருவர்” என்பதை “சரியாக ஒருவர்” என்று படித்து, கூட்டல் விதியைத் தவறவிட்டவர்கள் அங்கே போய்ச் சேருவார்கள். கேள்வி எந்தெந்த விதிகளைச் சோதிக்கிறது என்பது தவறான விடைகளிலேயே தெரிகிறது.

பழைய வினாத்தாளைப் பயிற்சி செய்யும்போது நான் வலியுறுத்துவது இதைத்தான்: விடையைக் கணக்கிடும் முன் ஓரத்தில் இரண்டு குறிப்புகள் எழுதுங்கள். நிபந்தனையை நீக்கினால் மொத்தம் எத்தனை? அந்த மொத்தத்தை வெட்டும் நிபந்தனை எந்த வகை? முதலாவது, விடை தாண்டவே முடியாத உச்சவரம்பைத் தரும். இரண்டாவது, விடை அந்த வரம்பில் ஏறக்குறைய எத்தனை பங்கு என்று சொல்லும்.

2012 ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வின் கேள்வியில் இது நன்றாகத் தெரியும். வெவ்வேறு நிறமுள்ள 5 பந்துகளை 3 பேருக்குப் பகிர வேண்டும். ஒவ்வொருவருக்கும் குறைந்தது ஒரு பந்தாவது கிடைக்க வேண்டும். ஆப்ஷன்கள் 75, 150, 210, 243.

நிபந்தனை இல்லாவிட்டால் ஒவ்வொரு பந்துக்கும் 3 வழிகள், மொத்தம் 3⁵ = 243. நிபந்தனை நிச்சயமாகச் சிலவற்றையாவது விலக்கும். எல்லாப் பந்தும் ஒருவருக்கே போவதும் இந்த 243-இல் அடங்கியிருக்கிறதே. ஆக 243 விடையாகாது. அடுத்து, மூன்று பேரும் வெவ்வேறு ஆட்கள். ஒரு சரியான பகிர்வில் ஆட்களை மட்டும் இடம் மாற்றினால் 6 வெவ்வேறு பகிர்வுகள் கிடைக்கும். ஆகவே விடை 6-ஆல் வகுபட வேண்டும். 75 வகுபடாது. மிஞ்சுவது 150, 210.

இப்போது பங்கை மதிப்பிடலாம். “குறைந்தது ஒன்று” என்றாலே எதிர்மறையை எண்ணிக் கழிப்பதுதான் எளிது. ஒரு குறிப்பிட்ட நபருக்கு எதுவுமே கிடைக்காத வழிகள் 2⁵ = 32. மூன்று பேருக்கும் சேர்த்து 96. கழித்தால் 147. இருவருக்கு எதுவும் கிடைக்காத வழிகளை நாம் இரண்டு முறை கழித்துவிட்டோம் என்பதால் உண்மையான விடை 147-க்குச் சற்று மேலே இருக்கும். எவ்வளவு மேலே? எல்லாப் பந்தும் ஒருவருக்கே போகும் 3 வழிகள் மட்டுமே அப்படி இரண்டு முறை கழிக்கப்பட்டவை. அவற்றைத் திரும்பச் சேர்த்தால் 150. இங்கே மதிப்பீடே திருத்தம் பெற்று விடையாகிவிட்டது.

இதே கேள்வியில் மிகப் பலர் எடுக்கும் வழி வேறு. “முதலில் ஆளுக்கு ஒரு பந்தைக் கொடுத்துவிடுவோம்: 5 × 4 × 3 = 60. மீதி 2 பந்துகளை எப்படி வேண்டுமானாலும் கொடுக்கலாம்: 3² = 9. பெருக்கினால் 540.” கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஓரத்தில் 243 என்று எழுதி வைத்தவருக்கு உடனே தெரிந்துவிடும், 540 வரம்பைத் தாண்டிவிட்டது, ஏதோ பலமுறை எண்ணப்பட்டிருக்கிறது என்று. எது? ஒருவருக்கே சிவப்பை முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு நீலத்தைக் கொடுப்பதும், நீலத்தை முதலில் கொடுத்துவிட்டுச் சிவப்பைக் கொடுப்பதும் முடிவில் ஒரே பகிர்வு. இந்த முறை அவற்றை இரண்டாக எண்ணுகிறது. 3-1-1 என்று பிரியும் பகிர்வுகள் 60. மூன்று பந்து வைத்திருப்பவருக்கு எது “முதல் பந்து” என்பதில் 3 வாய்ப்புகள், ஆகவே ஒவ்வொன்றும் 3 முறை எண்ணப்பட்டு 180 ஆகிறது. 2-2-1 என்று பிரியும் பகிர்வுகள் 90; ஒவ்வொன்றும் 2 × 2 = 4 முறை எண்ணப்பட்டு 360 ஆகிறது. 180 + 360 = 540. தவறு எங்கிருந்து வந்தது என்பது கடைசி எண் வரை தெரிந்துவிட்டது. தவறான விடையை இப்படிப் பிரித்துப் பார்ப்பது, சரியான விடையைப் பத்து முறை எழுதுவதைவிடப் பயன்தரும் என்பது என் உறுதியான கருத்து.

2014 ஜே.இ.இ. அட்வான்ஸ்டு கேள்வி வேறு வகை. 1 முதல் 6 வரை எண்ணிட்ட அட்டைகள், அதேபோல் எண்ணிட்ட உறைகள். உறைக்கு ஒரு அட்டை. எந்த அட்டையும் தன் எண்ணுள்ள உறைக்குள் போகக்கூடாது. அட்டை 1 எப்போதும் உறை 2-இல்தான். ஆப்ஷன்கள் 264, 265, 53, 67.

எதுவும் தன் இடத்தில் அமரக்கூடாது என்ற இந்த வகையை டீரேஞ்ச்மென்ட் என்பார்கள். பிரான்சின் கணிதவியலாளர் மோன்மோர் 1708-லேயே சூதாட்டங்கள் பற்றிய தன் நூலில் இதை எடுத்துப் பேசியிருக்கிறார். மொத்த வரிசை மாற்றங்களில் ஏறத்தாழ 1/e பங்கு, அதாவது 36.8 சதவீதம், இப்படி அமையும். 6! = 720, அதை 2.718-ஆல் வகுத்தால் 264.9, சரியான எண்ணிக்கை 265. அந்த எண் ஆப்ஷனில் தயாராக நிற்கிறது, ஆனால் அட்டை 1 பற்றிய நிபந்தனை அதில் இல்லை. அட்டை 1 போகக்கூடிய உறைகள் 2 முதல் 6 வரை ஐந்து. ஐந்துக்கும் சம உரிமை. ஆகவே 265 ÷ 5 = 53.

சூத்திரம் நினைவில் இல்லாவிட்டாலும் வழி உண்டு. அட்டை 1-ஐ வைத்தபின் 5 அட்டைகள், 5 உறைகள்: 120 வழிகள். அட்டை 2-க்கு உரிய உறை நிரம்பிவிட்டதால் அதற்குத் தடை இல்லை. மீதி நான்கு அட்டைகள் ஒவ்வொன்றும் தன் உறையைத் தவிர்க்கும் வாய்ப்பு 4/5. தோராயமாகப் பெருக்கினால் (4/5)⁴ ≈ 0.41, 120-இல் அது 49. 67-ஐவிட 53-க்கு மிக அருகில்.

நான்கு அட்டைகளும் ஒன்றையொன்று பாதிப்பதால் அந்தப் பெருக்கல் துல்லியமானதல்ல. 49-க்கும் 53-க்கும் உள்ள வித்தியாசம் அதனால்தான். ஆப்ஷன்கள் 52, 53 என்று அடுத்தடுத்து இருந்தாலோ, எண்ணையே உள்ளிடச் சொல்லும் கேள்வியாக இருந்தாலோ மதிப்பீடு விடையைத் தராது, விடையைச் சரிபார்க்க மட்டுமே உதவும்.

இதைவிடப் பெரிய ஆபத்து வகையையே மாற்றிப் புரிந்துகொள்வது. பந்துக் கேள்வியில் “வெவ்வேறு நிறமுள்ள” என்பதை நீக்கி “ஒரே மாதிரியான” என்று போட்டால் யாருக்கு எத்தனை என்பது மட்டுமே கணக்கு. 243 என்ற உச்சவரம்பு C(7,2) = 21 ஆகச் சுருங்கிவிடும்; ஆளுக்கு ஒன்றாவது வேண்டும் என்றால் C(4,2) = 6. முன்பு 62 சதவீதமாக இருந்த பங்கு இங்கே 29 சதவீதம். ஆனால் நிகழ்தகவு கேட்டால் இந்த 6/21 உதவாது. ஒவ்வொரு பந்தும் மூவரில் எவருக்கும் சம வாய்ப்போடு போகிறது என்றால், பந்துகள் ஒரே மாதிரி இருந்தாலும் இந்த 21 வழிகளும் சம வாய்ப்புடையவை அல்ல. ஐந்தும் குறிப்பிட்ட ஒருவருக்கே போக ஒரு வழிதான் உண்டு, 2-2-1 என்று குறிப்பிட்ட மூவருக்குப் பிரிய 30 வழிகள் உண்டு. அப்போது விடை பழைய 150/243-தான்.