திருப்பிச் சொல்ல முடியாத ‘டேய்’

வேலூரிலிருந்து காட்பாடி போகிற டவுன் பஸ்ஸில் காலேஜ் பையன்கள் நாலு பேர் படியில் தொங்கிக்கொண்டு போவார்கள். ‘டேய், இன்னாடா நேத்து வரல?’ என்பான் ஒருவன், ‘போடா டேய்’ என்பான் இன்னொருவன், சிரிப்பாகத்தான் இருக்கும். கண்டக்டர் வந்து ‘டேய், உள்ள போடா’ என்று ஒரு வார்த்தை சொன்னதும் அதே பையனுக்கு முகம் சுருங்கிவிடும். உள்ளே போகச் சொன்னதற்காகவா? ‘தம்பி, உள்ள போப்பா’ என்றிருந்தால் பேசாமல் போயிருப்பான். அதுவும் ஏவல்தான், அதுவும் ஒருமைதான்.

‘உள்ள போடா’வில் இருக்கிற ‘டா’வை எடுத்துவிட்டுப் பாருங்கள், சொல்ல வந்த செய்தியில் ஒன்றும் குறையாது. யார் எங்கே போக வேண்டும் என்பது ‘உள்ள போ’விலேயே முடிந்துவிட்டது. மிச்சமிருக்கிற டா சொல்வதெல்லாம் பேசுகிறவனுக்கும் கேட்கிறவனுக்கும் நடுவே என்ன உறவு என்பதை மட்டும்தான். மரியாதை அதன் பக்கத்தில் ஒட்டவே ஒட்டாது. ‘வாங்க’ என்றால் ஒருத்தரை மரியாதையாகக் கூப்பிடுவதாகவும் இருக்கலாம், பல பேரைக் கூப்பிடுவதாகவும் இருக்கலாம். ‘வாங்கடா’ என்றால் பல பேர் மட்டும்தான்.

1960-ல் ரோஜர் பிரவுன், ஆல்பர்ட் கில்மன் என்ற இருவர் ஐரோப்பிய மொழிகளில் நீ, நீங்கள் போன்ற சொற்கள் எப்படிப் புழங்குகின்றன என்று எழுதினார்கள். அவர்கள் பார்த்தது இரண்டு விஷயம்: அதிகாரம், நெருக்கம். ஒருவர் ‘நீ’ என்று சொல்லி, மற்றவர் ‘நீங்கள்’ என்றே பதில் சொல்ல வேண்டியிருந்தால் அங்கே அதிகாரம் இருக்கிறது. இரண்டு பேருமே ‘நீ’ என்றால் நெருக்கம். நம்ம டேய்க்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும். படியில் தொங்குகிற பையன்களில் ஒருவன் டேய் என்றால் மற்றவன் உடனே டேய் என்பான். கண்டக்டரிடம் அந்தப் பையன் ‘போடா’ என்று சொல்லிப் பார்க்கட்டும், பஸ் அடுத்த ஸ்டாப் வரைகூடப் போகாது.

அந்நியரிடம் இது கூடுதலாக உறுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பேர் தெரியாதவரைக் கூப்பிடத் தமிழில் சொல்லுக்கா பஞ்சம்? தம்பி, அண்ணே, நைனா, தலைவரே, ‘யோவ்’கூட இருக்கிறது (அதுவும் சண்டைக்குக் கொண்டுபோய் விடும், ஆனால் ஒரு படி குறைவு). காசு பணம் செலவில்லாத இத்தனையையும் தாண்டி ஒருவர் டேயை எடுக்கிறார் என்றால், வேண்டுமென்றே எடுத்ததாகத்தான் காதில் விழும். இதற்குப் பின்னால் பழைய கதையும் இருக்கிறது. ஊருக்குள் பண்ணை வீட்டுச் சின்னப் பையன் அறுபது வயசுக் கூலிக்காரரை ‘டேய்’ என்பதும், அவர் ‘ஐயா’ என்று பதில் சொல்வதும் சாதாரணமாக நடந்த காலம் ஒன்றும் ரொம்பத் தூரத்தில் இல்லை. அந்த வீடுகளிலிருந்து படித்து வந்தவர்களுக்கு டேய் வெறும் கெட்ட பழக்கமாகக் கேட்பதில்லை.

இப்படிப்பட்ட சொல் நண்பர்களுக்குள் எப்படி இனிக்கிறது? புண்படுத்தக்கூடிய சொல் என்பதால்தான். பெனலப்பி பிரவுனும் ஸ்டீபன் லெவின்சனும் மரியாதை பற்றி எழுதிய ஆய்வில் கோயம்புத்தூர் வட்டாரத்துத் தமிழும் ஒரு ஆதாரம். மரியாதை இரண்டு வகை என்றார்கள்: ஒன்று விலகி நின்று இடம் கொடுப்பது, இன்னொன்று ‘நீ நம்ம ஆளு’ என்று காட்டிக்கொள்வது. டேய் இரண்டாவது வகை. யார் சொன்னாலும் கோபம் வரும் ஒரு சொல், இவன் சொன்னால் வரவில்லை என்றால் அதுவே நெருக்கத்துக்குச் சாட்சி.

‘டி’ விஷயம் இன்னும் சிக்கல். தோழிகளுக்குள் டியும் டேய் மாதிரியே போய் வரும். ஆனால் பல வீடுகளில் புருஷன் ‘டி’ என்பார், மனைவி ‘என்னங்க’ என்பார், அது வாழ்நாள் முழுக்க ஒருவழிப் பாதை. அதனால் முன்பின் தெரியாத ஆண் ஒரு பெண்ணை டி என்றால், மட்டம் தட்டுவதோடு அவளிடம் இல்லாத உரிமையையும் எடுத்துக்கொள்கிறான். டேயைவிட அது கடுமையாகச் சுடுவது இதனால்தான். மகளை ‘வாடா கண்ணு’ என்று கொஞ்சுகிற அப்பாக்கள் நிறைய. மகனை ‘வாடி’ என்றால் அது கிண்டல்.

நண்பர்களுக்குள் விரிசல் விழுந்தால் டா ஏறாது, காணாமல் போகும். ‘சரிங்க, நீங்க சொன்னா சரிதான்’ என்று பழைய சிநேகிதன் பேச ஆரம்பித்தால் விஷயம் முற்றிவிட்டது என்று அர்த்தம். புதுப் பழக்கத்தில் டா நுழைவதும் கவனித்துப் பார்க்க வேண்டியது. யாரும் எடுத்த எடுப்பில் முன்னால் ‘டேய்’ போட்டுக் கூப்பிடுவதில்லை, சிரித்துக்கொண்டே ஏதோ ஒரு வாக்கியத்தின் வாலில் ஒரு ‘டா’வை வைத்துப் பார்ப்பார்கள். எதிராளியும் ஒரு டா போட்டால் சரி, அப்புறம் தடையில்லை. ‘சொல்லுங்க’ என்று பதில் வந்தால் அடுத்த வாக்கியத்திலேயே ‘ங்க’வுக்குத் திரும்பிவிட வேண்டியதுதான்.