சிங்கப்பூரில் தற்காலிகமாக வீட்டிலிருந்து வேலை: எப்படிக் கேட்பது, எப்போது கேட்பது

சிங்கப்பூரில் 2024 டிசம்பர் 1 முதல், நீக்குப்போக்கு வேலை ஏற்பாட்டுக் கோரிக்கைகளுக்கான முத்தரப்பு வழிகாட்டி நெறிமுறைகள் நடப்பில் உள்ளன. தகுதிகாண் காலத்தை முடித்த எந்த ஊழியரும் வீட்டிலிருந்து வேலை பார்க்க முறைப்படி விண்ணப்பிக்கலாம். நிறுவனம் அதை நியாயமாகப் பரிசீலித்து, 2 மாதத்துக்குள் எழுத்துமூலம் பதில் சொல்ல வேண்டும். இது நாடாளுமன்றச் சட்டம் அல்ல. ஆனாலும் எல்லா முதலாளிகளும் பின்பற்றியாக வேண்டும். வேண்டுமென்றே மீறும் நிறுவனத்துக்கு மனிதவள அமைச்சு எச்சரிக்கை விடுக்கலாம், பயிலரங்குக்குப் போகச் சொல்லலாம்.

இது கேட்பதற்கான உரிமைதான். கேட்டது கிடைத்தே தீரும் என்று நெறிமுறைகள் சொல்லவில்லை, கடைசி முடிவு நிறுவனத்தின் கையில். அதனால் விண்ணப்பத்தை எப்படி எழுதுகிறோம் என்பதில்தான் பெரும்பாலும் காரியம் இருக்கிறது.

அந்த 2 மாதக் கெடுவையும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். அது நிறுவனத்துக்குத் தரப்பட்ட அதிகபட்ச அவகாசம். அடுத்த வாரம் வீட்டில் பழுதுவேலை தொடங்குகிறது என்று இன்று விண்ணப்பித்தால், பதில் 7 வாரம் கழித்து வந்தாலும் நிறுவனம் தவறவில்லை. ஆகவே, முன்கூட்டியே தெரிந்த தேவைக்கு முறையான விண்ணப்பம். திடீர்த் தேவைக்கு மேலாளரிடம் நேரடிப் பேச்சும் விடுப்பும். அவ்வப்போது வாய்மொழியாகக் கேட்டு அனுமதி பெறும் பழக்கத்தை நெறிமுறைகள் தடுக்கவில்லை. ஆனால் அப்படிக் கேட்டதற்கு 2 மாதக் கெடு பொருந்தாது.

வீட்டுப் பழுதுவேலை பெரும்பாலும் முன்கூட்டியே தெரிவதுதான். வீடமைப்பு வளர்ச்சிக் கழகமான வீவகவின் வீடுகளில் நடக்கும் இல்ல மேம்பாட்டுத் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். கழிவறைப் புதுப்பிப்பு, கழிவுநீர்க் குழாய் மாற்றம், உதிரும் கான்கிரீட்டைச் சரிசெய்வது என்று ஒரு வீட்டுக்குள் ஏறக்குறைய 10 வேலைநாள் பணி நடக்கும். தேதி முன்னதாகவே அறிவிக்கப்படும். அந்த நாள்களில் பணியாளர்களுக்குக் கதவு திறந்துவிட வீட்டில் யாராவது இருக்க வேண்டும்.

கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் ஒருவரின் வீட்டில் மார்ச் 2 முதல் 13 வரை இந்தப் பணி நடக்கப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் ஜனவரி தொடக்கத்துக்குள் விண்ணப்பித்துவிட வேண்டும். நிறுவனத்திடம் இதற்கென்று படிவம் இருந்தால் அதையே நிரப்பவேண்டும். இல்லையென்றால் மின்னஞ்சல் போதும். விண்ணப்பித்த தேதி, கேட்கும் ஏற்பாடு, வாரத்தில் எத்தனை நாள், எவ்வளவு காலம், காரணம், தொடங்கும் நாள், முடியும் நாள் ஆகியவை அதில் இருக்க வேண்டும். இவை இல்லாமல் “கொஞ்ச நாள் வீட்டிலிருந்து பார்க்கட்டுமா?” என்று எழுதினால் அது முறையான விண்ணப்பமாகாது.

அவர் இப்படி எழுதலாம் (அலுவலகத்தில் புழங்கும் மொழியில்):

“மார்ச் 2 முதல் 13 வரை என் வீட்டில் வீவகவின் இல்ல மேம்பாட்டுப் பணி நடக்கிறது. அறிவிப்புக் கடிதத்தை இணைத்துள்ளேன். பணியாளர்களுக்குக் கதவு திறந்துவிட வேறு ஆள் இல்லாததால், அந்த 10 வேலைநாளில் 8 நாள் வீட்டிலிருந்து வேலை பார்க்க அனுமதி கேட்கிறேன். மார்ச் 4, 11 புதன்கிழமைகளில் என் சகோதரி வீட்டில் இருப்பார். அன்று அலுவலகம் வந்து, காசோலைக் கையெழுத்து, மூலப் பற்றுச்சீட்டுச் சரிபார்ப்பு இரண்டையும் முடித்துவிடுவேன். மாத இறுதிக் கணக்கு வழக்கமான தேதியில் முடியும். சத்தமான வேலை நடக்கும் நாள்களில் வாடிக்கையாளர் அழைப்புகளைக் காலை 9 மணிக்கு முன்போ மாலை 5 மணிக்குப் பிறகோ வைத்துக்கொள்கிறேன். மார்ச் 16 முதல் வழக்கம்போல் அலுவலகம் வருவேன்.”

இதில் கவனிக்க வேண்டியது சத்தம் பற்றிய வரி. வீவக வீடுகளில் ஓடு உடைப்பது, சுவர் இடிப்பது போன்ற சத்தமான புதுப்பிப்பு வேலைகளுக்கு வாரநாளில் காலை 9 முதல் மாலை 5 வரைதான் அனுமதி. அதாவது அலுவலக நேரம் முழுக்க! பக்கத்து அறையில் ஓடு உடையும்போது தொலைபேசியில் பேச முடியாது என்பது மேலாளருக்கும் தெரியும். அவர் கேட்பதற்கு முன் நாமே வழி சொல்லிவிட்டால் மறுப்பதற்கான வலுவான காரணம் ஒன்று குறைகிறது. புதன்கிழமை வருகையும் அப்படித்தான். நேரில் மட்டுமே முடியும் வேலை எது என்று முதலிலேயே பிரித்துக் காட்டுவது, மொத்தமாக 10 நாளும் கேட்பதைவிட நன்றாக எடுபடும்.

குழந்தை விஷயம் வேறு மாதிரி. பாலர் பள்ளியில் கை, கால், வாய்ப்புண் நோய் வந்து குழந்தையை வீட்டில் வைத்திருக்கச் சொன்னால், அன்றே ஏற்பாடு வேண்டும். முறையான விண்ணப்பம் அதற்குத் தோதுப்படாது. முதலில் குழந்தைப் பராமரிப்பு விடுப்பை எடுங்கள். 7 வயதுக்குட்பட்ட சிங்கப்பூர்க் குடியுரிமையுள்ள குழந்தை இருந்தால் பெற்றோர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 6 நாள். குழந்தை குடியுரிமை பெறாததாக இருந்தால், வேலை நியமனச் சட்டத்தின்கீழ் 2 நாள். இரண்டுக்கும் குறைந்தது 3 மாதம் வேலை பார்த்திருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வந்து குடும்பத்தோடு இருப்பவர்கள் இந்த 2 நாளைக் கேட்காமலே விட்டுவிடுவதுண்டு.

பணிப்பெண் 3 வாரம் ஊருக்குப் போகிறார், பராமரிப்பு நிலையம் மூடப்போகிறது என்பதுபோல் தேதி முன்பே தெரிந்தால் முறைப்படி விண்ணப்பிக்கலாம். ஆனால் “குழந்தையைப் பார்த்துக்கொண்டே வேலை பார்க்கிறேன்” என்று மட்டும் எழுதாதீர்கள். 3 வயதுக் குழந்தையோடு 8 மணி நேரம் வேலை நடக்காது. உற்பத்தித்திறன் குறையும் என்பது நெறிமுறைகளே ஒப்புக்கொள்ளும் மறுப்புக் காரணம். காலையில் தாத்தா பாட்டி பார்த்துக்கொள்வார்கள், மதியம் கணவர் அரைநாள் விடுப்பு எடுக்கிறார், பயண நேரம் மிச்சமாவதால் மாலை 6 மணிக்குக் குழந்தையை நான் வாங்கிக்கொள்வேன் என்று யார், எந்த நேரம் என்பதை எழுதுங்கள்.

மறுப்பு வந்தால், காரணமும் அந்த எழுத்துமூலப் பதிலிலேயே இருக்க வேண்டும். செலவு வெகுவாகக் கூடும், வேலையின் அளவோ தரமோ குறையும், வேலையின் தன்மைக்கு ஒத்துவராது போன்றவை ஏற்கத்தக்கவை. முகப்பில் நிற்பவரும் இயந்திரம் இயக்குபவரும் இந்தக் கடைசிக் காரணத்தில் மாட்டிக்கொள்வார்கள். அவர்கள் வேலை நேரத்தை மாற்றித் தரக் கேட்பது நல்லது, அதுவும் இதே நெறிமுறைகளுக்குள் வரும். “ஆள் கண்ணெதிரே இருக்க வேண்டும்”, “இங்கே அந்த வழக்கம் கிடையாது”, “நிர்வாகத்துக்கு இதில் நம்பிக்கையில்லை” என்பவை ஏற்கத்தக்க காரணங்கள் அல்ல.

பதிலே வராவிட்டாலோ இப்படிப்பட்ட காரணம் சொன்னாலோ, முதலில் நிறுவனத்தின் உள் குறைதீர்ப்பு வழியில் எழுதுங்கள். அங்கே தீராவிட்டால், நியாயமான வேலை நடைமுறைகளைக் கவனிக்கும் டாஃபெப் அமைப்பை அணுகலாம். தொழிற்சங்க உறுப்பினர்கள் சங்கத்தின் உதவியையும் நாடலாம். விண்ணப்பம் முறையாகக் கையாளப்பட்டதா என்பதைத்தான் டாஃபெப் பார்க்கும். உங்களுக்கு அனுமதி வாங்கித் தரும் இடம் அல்ல அது. விண்ணப்பித்த மின்னஞ்சலும் தேதியும் கையில் இருந்தால்தான் அங்கே பேச முடியும்.

அனுமதி கிடைத்தபின் வீட்டுப் பழுதுவேலை இழுத்துக்கொண்டே போனாலோ, பணிப்பெண் திரும்புவது தள்ளிப்போனாலோ, ஒப்புக்கொண்ட கடைசி நாள் வருவதற்கு முன்பே புதிய தேதியோடு எழுதுங்கள். அந்த நாள் கடந்தபின் அனுமதியில்லாமல் வீட்டிலேயே இருந்தால், அது வேலைக்கு வராத நாளாகக் கணக்கில் ஏறக்கூடும்.