மார்ச்ல நடந்த ஒரு தப்பு வருஷம் முழுக்க தெரியுறது ஏன்?

போன அப்ரைசல்ல என் டீம் ஆள் ஒருத்தருக்கு நான் போட்ட ரேட்டிங்க திரும்ப எடுத்து பாத்தா, அஞ்சுக்கு டெக்னிக்கல் 2, டைமுக்கு முடிக்கிறது 2, கம்யூனிகேஷன் 2, டீம் வொர்க்கும் 2. மனுஷன் நாலு விஷயத்துலயும் ஒரே அளவுக்கு மோசமா இருப்பாரா என்ன? அப்ரைசலுக்கு கொஞ்சம் முன்னாடி மார்ச்ல ஒரு ரிலீஸ சொதப்பிட்டாரு, அதுதான் நாலு தலைப்புலயும் போய் உக்காந்துடுச்சு, அதுக்கு முந்தின ஜூன்ல அவர் வாரக்கணக்கா உக்காந்து டேட்டாபேஸ் மாத்தினது ஞாபகத்துக்கே வரல.

இதுல ரெண்டு கோளாறு கலந்திருக்கு. கடைசியா நடந்தது மட்டும் மனசுல நிக்கிறது ரீசன்சி பயஸ். ஒரே அபிப்ராயம் எல்லா தலைப்புக்கும் பரவுறது ஹேலோ எஃபெக்ட், சாமி படத்துல தலைக்குப் பின்னாடி இருக்குமே ஒளிவட்டம், அந்த ஹேலோதான், ஆனா என் கேஸ் மாதிரி கெட்ட பக்கமும் பரவும். 1920லயே சைக்காலஜிஸ்ட் எட்வர்ட் தார்ண்டைக், ராணுவ ஆபீசருங்க தங்களுக்கு கீழ இருந்தவங்களுக்கு போட்ட மார்க்க பாத்து இத எழுதிட்டாரு. உடம்பு, புத்தி, தலைமை, குணம்னு தனித்தனியா போடச் சொன்னாலும் எல்லாம் சேர்ந்தே ஏறிச்சு, சேர்ந்தே இறங்கிச்சு.

சரி, ஜாக்கிரதையா இருந்தா போச்சுன்னு தோணும், ஆனா அங்கதான் சிக்கல். 1977ல நிஸ்பெட், வில்சன்னு ரெண்டு சைக்காலஜிஸ்ட்டுங்க ஒரே வாத்தியார ஒரு வீடியோல அன்பாவும் இன்னொண்ணுல சிடுசிடுன்னும் பேச வெச்சு ஸ்டூடண்ட்ஸ்ட்ட காட்டினாங்க. சிடுசிடு வீடியோ பாத்தவங்களுக்கு அவர் தோற்றமும் உச்சரிப்பும்கூட பிடிக்கல, ஆனா அவரோட குணத்தாலதான் அப்படி தோணுச்சான்னு கேட்டா இல்லவே இல்லன்னுட்டாங்க. உள்ள நடக்குறது நமக்கே தெரியாதப்போ ஜாக்கிரதை எதுக்கு ஆகும், ஃபார்ம் நிரப்புற விதத்த மாத்தணும்.

இப்ப நான் மாசத்துக்கு ஒருதடவை ஒவ்வொருத்தருக்கும் ரெண்டு வரி எழுதி வைக்கிறேன், தேதியோட. "நல்லா பண்ணாரு"ன்னு எழுதினா பிரயோஜனமில்ல, என்ன பண்ணாரு, அதனால என்ன ஆச்சுன்னு இருக்கணும். அப்புறம் ஒரு ஆளோட எல்லா தலைப்பையும் ஒரே மூச்சுல முடிக்காம, டீம்ல இருக்குற ஆறு பேருக்கும் டெக்னிக்கல் மட்டும் போட்டுட்டு, மறுநாள் ஆறு பேருக்கும் கம்யூனிகேஷன்.

இதுக்காக வேணும்னே மார்க்க கலைச்சு போடக்கூடாது. நிஜமாவே எல்லாத்துலயும் கெட்டிக்காரங்க உண்டு. 1980ல பெர்னார்டின், பென்ஸ் ரெண்டு பேரும் ஹேலோவ தவிர்க்க ட்ரெய்னிங் குடுத்து பாத்தப்போ ஹேலோ குறைஞ்சுது, கூடவே துல்லியமும் குறைஞ்சுது. அதனால 2க்கும் 4க்கும் என்ன வேலை செஞ்சா குடுப்போம்னு முதல்லயே மத்த லீடுங்களோட பேசி வெச்சுக்குறதுதான் சரி.

இந்த வருஷம் அதே ஆளுக்கு வந்தது 4, 2, 3, 4. டைமுக்கு முடிக்கிறதுல இன்னும் 2தான், ஆனா ஏன்னு அவர் கேட்டப்போ தேதியோட காட்ட மூணு சம்பவம் இருந்துச்சு.