‘இன்னும் பஞ்ச் வேணும்’ என்றால் எந்த வரியில் கை வைப்பது?

டெங்கு தடுப்புக்காக 30 விநாடி வானொலி அறிவிப்பு ஒன்றை எழுதிக் கொடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். படித்துப் பார்த்த அதிகாரி சொல்கிறார்: "நல்லாருக்கு சார், ஆனா இன்னும் கொஞ்சம் பஞ்ச் வேணும்." உடனே ஆச்சரியக்குறி போடுவதும் எதுகை மோனை தேடுவதும்தான் பலருக்கு வழக்கம். காய்ச்சல் என்று வருகிறவரைப் போல அவர் ஓர் அறிகுறியைத்தான் சொல்லியிருக்கிறார். எந்த இடத்தில் கோளாறு என்பதை நாம்தான் தேட வேண்டும்.

தேடும் வழி எளிது. அவர் கையிலிருந்து தாளை வாங்கிக்கொண்டு, நீங்கள் சத்தமாகப் படியுங்கள். கவனம் விலகும் இடத்தில் மேசையைத் தட்டச் சொல்லுங்கள். தாளில் படிக்கும்போது புரியாத வரிக்குக் கண் திரும்பிப் போய்விடும், அதனால் கோளாறு மறைந்துவிடும். காதுக்கு அந்த வசதி இல்லை. இப்படிப் படித்தால் ஆறேழு வரிகளில் ஒன்றோ இரண்டோதான் பெரும்பாலும் மாட்டும். இங்கே மாட்டியது இது:

"ஏடிஸ் கொசுக்கள் வீட்டைச் சுற்றியுள்ள பூந்தொட்டித் தட்டுகள், பழைய டயர்கள், தேங்காய்ச் சிரட்டைகள் போன்ற தண்ணீர் தேங்கும் பொருட்களில் முட்டையிட்டு இனப்பெருக்கம் செய்வதால், வாரம் ஒருமுறை அவற்றைக் காலிசெய்து, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவி வைப்பது அவசியமாகும்."

இலக்கணப் பிழை இல்லை, தகவல் பிழையும் இல்லை. ஆனால் தமிழில் வினைமுற்று கடைசியில் வருகிறது. "முட்டையிட்டு", "காலிசெய்து", "கழுவி" என்று எச்சங்கள் அடுக்கடுக்காக வரும்போது, வாக்கியம் எங்கே போய் முடியும் என்று தெரியாமல் கேட்பவர் எல்லாவற்றையும் ஏந்திக்கொண்டே வர வேண்டும். 1975இல் உளவியலாளர் ஆலன் பேட்லியும் சகாக்களும் செய்த சோதனைகளில், தொடர்பில்லாத சொற்களைக் கேட்டவர்கள், ஏறக்குறைய இரண்டு விநாடிக்குள் தாங்களே சொல்லிவிடக்கூடிய அளவைத்தான் வரிசை மாறாமல் திருப்பிச் சொன்னார்கள். பொருள் கோர்வையாக இருந்தால் இன்னும் கொஞ்சம் தாங்கும்தான். ஆனால் இந்த வரியை வாசித்து முடிக்கவே பத்து விநாடிக்கு மேல் ஆகும். நாம் என்ன செய்ய வேண்டும் என்பது அதன் வாலில்தான் வருகிறது.

இதைவிடப் பெரிய கோளாறு ஒன்று உண்டு. ஏடிஸ் கொசு பெரும்பாலும் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான உட்பக்கச் சுவரில் முட்டைகளை ஒட்டி வைக்கிறது. தண்ணீரைக் கொட்டினாலும் முட்டை அங்கேயே இருக்கும். காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் தாங்கி, மறுபடி தண்ணீர் ஏறியதும் பொரியும். எழுதியவருக்கு இது தெரிந்திருக்கிறது, இல்லாவிட்டால் "தேய்த்து" என்ற சொல் வந்திருக்காது. கேட்பவரை நிமிர்ந்து உட்கார வைக்கும் சங்கதி, ஒற்றை வினையெச்சமாக ஒடுங்கிக் கிடக்கிறது. ‘பஞ்ச் இல்லை’ என்ற புகாருக்குப் பின்னால் பல நேரம் இருப்பது இதுதான்.

திருத்திய வடிவம்:

"பூந்தொட்டித் தட்டைப் பாருங்க. தண்ணி நிக்குதா? கொட்டுங்க. கொட்டினா மட்டும் போதாது, உள்பக்கம் நல்லாத் தேய்ங்க. ஏடிஸ் கொசுவோட முட்டை ஒட்டியிருக்கறது ஓரத்துலதான். வாரம் ஒரு தடவை, மறக்காம."

"அவசியமாகும்" யாரிடமும் பேசவில்லை. "கொட்டுங்க" எதிரில் இருப்பவரிடம் பேசுகிறது. முட்டை வரியில் "ஓரத்துலதான்" கடைசிக்குப் போனது வேண்டுமென்றே செய்தது. "ஓரத்தில் முட்டை ஒட்டியிருக்கிறது" என்று எழுதினால், புதுத் தகவலான ஓரம் முதலிலேயே வந்து அமுங்கிவிடும். டயரையும் சிரட்டையையும் எடுத்தாயிற்று. மூன்று பொருள் சொன்னால் எதுவும் கண்ணில் நிற்காது, தட்டு ஒன்று என்றால் வீட்டுத் தட்டே நினைவுக்கு வரும். ஆனால் இது இழப்புதான். மொட்டை மாடியில் டயர் கிடக்கும் வீட்டுக்கு இந்த அறிவிப்பு போய்ச் சேராமல் போகலாம். அதிகாரி டயர் வேண்டும் என்றால் அதற்குத் தனி வரி கொடுங்கள், பழைய வரிக்குள் திணிக்க வேண்டாம். "வாரம் ஒரு தடவை" மட்டும் போகக் கூடாது. வெயில் காலத்தில் முட்டை கொசுவாக ஏறக்குறைய ஏழு முதல் பத்து நாள்தான் ஆகும்.

இன்னொன்று, சொற்கள் குறைந்தாலும் நேரம் குறையாது. ஒவ்வொரு முற்றுப்புள்ளியும் குரல் கொடுப்பவருக்கு ஓர் இடைவெளி. அதனால் கடிகாரம் வைத்துப் படித்துப் பார்த்த பிறகே 30 விநாடிக்குள் அடங்கும் என்று வாக்குக் கொடுங்கள். அறிவிப்பு முழுவதையும் இப்படி வெட்டிவிட்டால் அதுவும் ஒரே தாளமாகி அலுத்துவிடும். இந்தப் பகுதிக்கு முன்னால் ஒரு வரியாவது நீளமாக, நிதானமாக ஓட வேண்டும்.

திருத்தம் பலித்ததா என்று பார்க்க, அறிவிப்பைக் கேட்டிராத ஒருவருக்கு ஒருமுறை மட்டும் போட்டுக் காட்டி, கொஞ்ச நேரம் வேறு பேச்சு பேசிவிட்டு, "என்ன செய்யச் சொன்னாங்க?" என்று கேளுங்கள். "தண்ணிய கொட்டச் சொன்னாங்க" என்பதோடு அவர் நின்றுவிட்டால், அடுத்துக் கை வைக்க வேண்டியது முட்டை வரியில். அதைத் "தேய்ங்க" என்பதற்கு முன்னால் கொண்டுபோய், காரணத்தை முதலில் சொல்லி, இன்னொருவரிடம் போட்டுப் பாருங்கள்.