வரையாட்டுப் புழுக்கையும் ஓரெழுத்து வாலும்

முக்கூர்த்திப் புல்வெளியில் மேயும் வரையாட்டின் டிஎன்ஏவைப் படிக்க அதைப் பிடித்து ரத்தம் எடுக்கத் தேவையில்லை. பாறைச் சரிவில் அது போட்டுவிட்டுப் போன புழுக்கை போதும். குடலின் உட்சுவரிலிருந்து உரிந்த செல்கள் புழுக்கையின் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும். அந்தப் பூச்சைச் சுரண்டி எடுத்தால் விலங்கின் டிஎன்ஏ கிடைக்கும். ஆனால் அது முழுதாகக் கிடைப்பதில்லை. வெயிலும் ஈரமும் பாக்டீரியாவும் அதைத் துண்டு துண்டாக உடைத்திருக்கும். உறைபனிக் காலத்தில் காய்ந்து கிடக்கும் புதுப் புழுக்கையில் நிலைமை பரவாயில்லை. தென்மேற்குப் பருவமழையில் ஊறியதென்றால், 100 எழுத்துகூட நீளமில்லாத துண்டுகளே மிகுதியாக இருக்கும். தரவைச் சுத்தம் செய்யும்போது எழும் சிக்கல்கள் பெரும்பாலும் இந்தக் குட்டைத்தனத்திலிருந்தே வருகின்றன.

இல்லுமினா சீக்வென்சரில் படிக்க ஒவ்வொரு துண்டின் இரு முனையிலும் அடாப்டர் என்ற செயற்கை டிஎன்ஏவை ஒட்டுவார்கள். கருவி ஒரு முனையிலிருந்து 150 எழுத்தும் மறு முனையிலிருந்து 150 எழுத்தும் படிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். துண்டு 400 எழுத்து நீளமென்றால் இரண்டு ரீடுகளும் துண்டுக்குள்ளேயே முடிந்துவிடும். அடாப்டர் கண்ணில் படாது. துண்டு 90 எழுத்துதான் என்றால் கருவி அதோடு நிற்பதில்லை. துண்டைத் தாண்டி அடுத்த 60 எழுத்தை அடாப்டரிலிருந்து படித்து, அதையும் வரையாட்டின் டிஎன்ஏ போலவே கோப்பில் எழுதிவிடும்.

துண்டு 60 எழுத்து என்றால் இன்னும் விசித்திரம். டுரூசீக் வகை அடாப்டரில் முதல் 34 எழுத்து பொதுவானவை, அடுத்த 8 மாதிரியை அடையாளம் காட்டும் குறியீடு, கடைசி 24 கண்ணாடித் தகட்டில் ஒட்டும் பகுதி. ஆக மொத்தம் 66. துண்டின் 60-ஐச் சேர்த்தால் 126. மீதி 24 சுழற்சிகளில் படிக்க அங்கே எதுவுமே இல்லை. நெக்ஸ்ட்சீக், நோவாசீக் போன்ற இருநிறக் கருவிகளில் ஒளி வராவிட்டால் அது G என்று பொருள். எனவே அந்த ரீடின் கடைசியில் 24 G வரிசையாக நிற்கும். அவற்றுக்குக் கருவி பெரும்பாலும் உயர்ந்த தரமதிப்பெண்ணும் கொடுத்திருக்கும். மதிப்பெண்ணை மட்டும் நம்பி வெட்டும் மென்பொருளுக்கு இந்த G வால் சுத்தமான டிஎன்ஏவாகவே தெரியும்.

இப்படி நீளமாக நிற்கும் அடாப்டரைக் கண்டுபிடிப்பது எளிது. FastQC-யின் Adapter Content வரைபடத்தில், துண்டுகள் முடியத் தொடங்கும் இடத்திலிருந்து கோடு மேலே ஏறும். ரீடுகளை மேற்கோள் மரபணுத்தொகுதியோடு ஒப்பிடும் `bwa mem` போன்ற மென்பொருள் நீள வாலைத் தானே ஒதுக்கி வைத்துவிடும். இதை நம்பித்தான் சிலர் வெட்டாமலே அடுத்த படிக்குப் போய்விடுகிறார்கள். உண்மையில் பொய் சொல்வது நீள வால் அல்ல, ஓரெழுத்து, ஈரெழுத்து வால்.

துண்டின் நீளம் 149 என்று கொள்வோம். ரீடின் 150-ஆவது எழுத்து அடாப்டரின் முதல் எழுத்தான A. ஒப்பிடும்போது `bwa mem` பொருந்தும் எழுத்துக்கு 1 மதிப்பெண் கூட்டும், பொருந்தாததற்கு 4 கழிக்கும். ரீடின் முனையை ஒதுக்குவதென்றால் அதற்கு 5 தண்டம். இந்த ஓரெழுத்து வால் பொருந்தாவிட்டால் இழப்பு 4, ஒதுக்கினால் 5. எனவே மென்பொருள் அதை ஒதுக்காமல், “இந்த இடத்தில் இந்த விலங்குக்கு A இருக்கிறது” என்று பதிவு செய்துவிடும். மேற்கோள் வரிசையில் அந்த இடத்தில் நான்கில் ஒரு முறை தற்செயலாக A இருக்கும்; மற்ற மூன்று முறையும் பொய்யான வேறுபாடுதான்.

ஈரெழுத்து வாலில் ஒன்று பொருந்தி ஒன்று பொருந்தாவிட்டால் கழிவு 3, அதுவும் உள்ளேயே தங்கும். இரண்டுமே பொருந்தாவிட்டால் 8 கழியும் என்பதால் ஒதுக்கப்படும். மூன்றெழுத்து வாலிலும் ஒரே ஒரு பொருத்தமின்மை இருந்தால் தப்பிவிடும். எழுத்துகள் சமமாகப் பரவியிருப்பதாக வைத்துப் பார்த்தால், பொய் வேறுபாடு பதிவாகும் வாய்ப்பு ஓரெழுத்து வாலுக்கு 75 சதவீதம், ஈரெழுத்துக்கு 37.5, மூன்றெழுத்துக்குச் சுமார் 14. வால் குட்டையாகக் குட்டையாக ஆபத்து கூடுகிறது.

ஓர் இடத்தை முப்பது ரீடுகள் மூடும் ஆழமான தரவில் இது கரைந்துபோகும். புழுக்கைத் தரவில் அப்படி இல்லை. பெரும்பகுதி குடல் பாக்டீரியாவுக்கும் தின்ற புல்லுக்கும் போய்விடுவதால், வரையாட்டின் ஓர் இடத்தை ஒன்றிரண்டு ரீடுகளே தொடும். அதில் ஒன்று பொய் சொன்னால் பாதிச் சாட்சி பொய். போதாததற்கு, செம்மறியின் மரபணுத்தொகுதியை மேற்கோளாக வைத்து ஒப்பிட்டால் நிஜ வேறுபாடுகளே ஏராளமாக இருக்கும். பொய் அவற்றுக்குள் மறைந்துகொள்ளும். வெள்ளாடு இருக்கச் செம்மறி ஏன் என்றால், பார்வைக்கு எப்படியிருந்தாலும் மரபுவழியில் வரையாட்டுக்கு நெருங்கிய சொந்தம் செம்மறிதான்.

அடாப்டரின் எழுத்துகளைத் தேடி வெட்டுவது வழக்கமான முறை. `cutadapt` இயல்பாகக் குறைந்தது 3 எழுத்துப் பொருத்தம் கேட்கும். ஒன்று, இரண்டு எழுத்து வால் அதற்குத் தெரியாது. அளவை 1 ஆக்கினால் A-யில் முடியும் எல்லா ரீடிலும் கடைசி எழுத்து போகும். அதாவது ஏறத்தாழ நான்கில் ஒரு ரீடு காரணமின்றி வெட்டப்படும். அடாப்டரின் எழுத்தை மட்டும் பார்த்து இதற்குத் தீர்வு காண முடியாது.

தீர்வு இரட்டை ரீடில் இருக்கிறது. துண்டு 149 என்றால் முதல் ரீடின் 149 எழுத்தும் இரண்டாம் ரீடின் 149 எழுத்தும் ஒரே துண்டை எதிரெதிர்த் திசையில் படித்தவை. இரண்டாவதைத் திருப்பி நிரப்பெழுத்தாக்கி முதலாவதின் மேல் வைத்தால் அந்த 149-ம் பொருந்தும். இரு பக்கமும் ஓரெழுத்து துருத்தி நிற்கும். துருத்துவது என்ன எழுத்தானாலும் அது துண்டுக்கு வெளியே இருப்பதுதான், சந்தேகமில்லை. `fastp` இந்த முறையில்தான் முதலில் வெட்டுகிறது. 30 எழுத்தாவது மேற்பொருந்த வேண்டும் என்பது அதன் இயல்பு அளவு.

```
fastp -i mk_R1.fq.gz -I mk_R2.fq.gz \
  -o mk_t1.fq.gz -O mk_t2.fq.gz \
  --adapter_sequence AGATCGGAAGAGCACACGTCTGAACTCCAGTCA \
  --adapter_sequence_r2 AGATCGGAAGAGCGTCGTGTAGGGAAAGAGTGT \
  --trim_poly_g --length_required 30 -h mk.html
```

மேற்பொருத்தம் கிடைக்காத ரீடுகளுக்காகத்தான் அடாப்டர் வரிசைகளையும் கொடுக்கிறோம். நூலகம் தயாரித்தது நெக்ஸ்டெரா முறையில் என்றால் இரண்டு பக்கத்துக்கும் `CTGTCTCTTATACACATCT`. எது என்று ஆய்வகத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்வது ஊகிப்பதைவிட மேல். இரண்டு கோப்புகளையும் ஒரே கட்டளையில் கொடுப்பதும் முக்கியம். தனித்தனியாக வெட்டினால் ஒன்றில் கழிந்த குட்டை ரீடின் ஜோடி மற்றதில் தங்கிவிடும். பிறகு வரிசை நழுவி, `paired reads have different names` என்று சொல்லி `bwa mem` நின்றுவிடும். 30 எழுத்துக்குக் குறைந்தவற்றைக் கழிப்பதற்குக் காரணம் பாக்டீரியா. அவ்வளவு சிறிய பாக்டீரியாத் துண்டு செம்மறியின் ஏதோ ஒரு மூலையில் தற்செயலாகப் பொருந்திவிடும்.

மேலே தரம் பார்த்து வெட்டும் `--cut_right` போன்ற தெரிவு எதுவும் இல்லை என்பதைக் கவனிக்கலாம். அது வேண்டுமென்றே விட்டது. `fastp` தரவெட்டை முதலில் செய்துவிட்டு, அதன் பிறகே மேற்பொருத்தம் பார்க்கிறது. துண்டு 90 எழுத்து, இரண்டாம் ரீடின் தரம் மோசமாகி 70-ஆவது எழுத்தோடு வெட்டப்பட்டது என்று வையுங்கள். இப்போது அந்த ரீடு துண்டின் மறுமுனையை எட்டவில்லை. மேலே வைத்துப் பார்த்தால் சாதாரண நீளத் துண்டின் ஜோடி போலவே தோன்றும். முதல் ரீடில் 60 எழுத்து அடாப்டர் இருப்பது இந்த முறையில் தெரியாமல் போகும். நீள வாலை அடாப்டர் வரிசை காப்பாற்றிவிடும், ஓரெழுத்து வாலைக் காப்பாற்றாது. முதலில் அடாப்டர், தேவையென்றால் இரண்டாம் ஓட்டத்தில் தரவெட்டு என்று பிரிப்பதே சரி.

அந்த இரண்டாம் ஓட்டத்தை `cutadapt -q 20` கொண்டு செய்தால், அது எங்கே வெட்டும் என்பதைக் கையாலேயே கணக்கிடலாம். ஒரு ரீடின் கடைசி மதிப்பெண்கள் 37, 37, 36, 25, 30, 12, 9, 22, 8, 2, 2 என்று கொள்வோம். மதிப்பெண் 20 என்றால் நூற்றில் ஒன்று தவறாக இருக்கலாம், 30 என்றால் ஆயிரத்தில் ஒன்று. ஒவ்வொன்றிலும் 20-ஐக் கழித்தால் 17, 17, 16, 5, 10, −8, −11, 2, −12, −18, −18. கடைசியிலிருந்து கூட்டிக்கொண்டே முன்னே வந்தால் −18, −36, −48, −46, −57, −65, பிறகு −55. மிகக் குறைந்த கூட்டுத்தொகை −65. அது 12 என்ற மதிப்பெண்ணில் வருகிறது. வெட்டு அங்கே, 12-ம் அதற்குப் பின்னுள்ளவையும் போகும். 20-ஐத் தாண்டிய முதல் எழுத்தைக் கண்டதும் நிற்கும் எளிய முறையாக இருந்தால் 22-இல் ஏமாந்து, 12-ஐயும் 9-ஐயும் உள்ளே விட்டிருக்கும்.

20-ஐ 30 ஆக உயர்த்தினால் இன்னும் சுத்தமாகும் என்று நினைப்பவர்கள் உண்டு. புழுக்கைத் தரவில் அது வீண் செலவு. வேறுபாடு கண்டறியும் மென்பொருள்கள் ஒவ்வோர் எழுத்தின் மதிப்பெண்ணையும் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. அடாப்டர் அப்படியல்ல, அது உயர் மதிப்பெண்ணோடு வரும் தவறு, அதை வேறு யாரும் பிடிக்கமாட்டார்கள்.

ஒரே பக்க ரீடு மட்டும் இருந்தால் மேற்பொருத்தம் பார்க்க வழியில்லை. அங்கே `cutadapt`-இல் அடாப்டரோடு `-l 148` சேர்த்தால் போதும். அடாப்டரை வெட்டிய பிறகே நீளத்தைக் குறைக்கும் என்பதால், 150 எழுத்தோடு தப்பி வந்த ரீடின் கடைசி இரண்டு எழுத்தும் கழியும். இதையே `-u -2` என்று செய்தால் வெட்டு அடாப்டர் தேடலுக்கு முன்பே நடந்துவிடும். 146, 147 எழுத்துத் துண்டுகளில் புதிதாக ஓரெழுத்து, ஈரெழுத்து வால் முளைக்கும்.

மேற்பொருத்தமும் எல்லா இடத்திலும் ஏமாறாமல் இருப்பதில்லை. CACACA என்று ஓடும் நுண்தொடர்ப் பகுதியில் இரண்டு எழுத்து நகர்த்தினாலும் பொருந்தும் என்பதால், அங்கே நல்ல எழுத்தையே வெட்டிவிடக்கூடும். நுண்தொடர்களை வைத்துத் தனி விலங்குகளை அடையாளம் காண்பதே நோக்கமென்றால் அந்தப் பகுதிகளைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

வெட்டியது பலித்ததா என்று ஒப்பிட்ட பிறகுதான் தெரியும். `samtools stats -r ref.fa mk.bam` தரும் வெளியீட்டில் MPC எனத் தொடங்கும் வரிகள், ரீடின் எத்தனையாவது எழுத்தில் எத்தனை பொருத்தமின்மை என்று சொல்லும். தரம் தேய்வதால் வரும் ஏற்றம் கடைசி சில பத்து எழுத்துகளில் மெல்ல மெல்ல உயரும். 148, 149, 150-இல் மட்டும் திடீரென்று படிக்கட்டு போல எழுந்தால் அது அடாப்டர் வால். வெட்டாத தரவையும் ஒருமுறை ஒப்பிட்டு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் படிக்கட்டு மறைந்திருப்பது தெரியும். செம்மறியோடு பொருந்திய ரீடுகளின் சதவீதம் வெட்டிய பிறகும் குறைவாகவே இருந்தால் வெட்டை இன்னும் இறுக்க வேண்டாம். மீதியெல்லாம் பாக்டீரியாவும் புல்லும்.