நெட் நன்றாகத்தான் இருக்கிறது, அப்புறம் ஏன் டீச்சர் குரல் வெட்டுகிறது?

(ஆன்லைன் வகுப்புகள் தொடங்கும் முன் பெற்றோர் கூட்டத்தில் பேசியது)

எல்லோருக்கும் வணக்கம். ஆன்லைன் வகுப்புகளை ஒருங்கிணைப்பது என் வேலை என்பதால், எந்த லேப்டாப் வாங்கலாம் என்று யாராவது ஒருவர் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். கம்பெனி பெயர் எதுவும் சொல்லப்போவதில்லை. வகுப்பு நடுவே குரல் வெட்டி வெட்டிக் கேட்கிறதே, அது எதனால் என்று மட்டும் சொல்கிறேன், மீதியை நீங்களே கடைக்காரரிடம் பேசிக்கொள்வீர்கள்.

குரல் வெட்டினால் நாம் முதலில் திட்டுவது நெட்டைத்தான். பல நேரம் அது சரியும்கூட. ஆனால் அதே வைஃபையில் போனில் வகுப்பு சுத்தமாக ஓடுகிறது, லேப்டாப்பில் மட்டும் திணறுகிறது என்றால் சந்தேகத்தை லேப்டாப் பக்கம் திருப்புங்கள்.

4 ஜிபி ராமும் பழைய ஹார்ட் டிஸ்க்கும் உள்ள ஒரு லேப்டாப்பை எடுத்துக்கொள்வோம். ராம் என்பது ஓடிக்கொண்டிருக்கும் வேலைகளை லேப்டாப் வைத்துக்கொள்ளும் இடம், டிஸ்க் என்பது எல்லாவற்றையும் சேமித்து வைக்கும் இடம். விண்டோஸ் 11 எழுந்து உட்காருவதற்கே பாதிக்கு மேல் ராமைப் பிடித்துக்கொள்ளும். திரைக்குப் படம் வரையும் பகுதியும் அதே ராமில்தான் பங்கு கேட்கும். பிரவுசரில் வீடியோ வகுப்பைத் திறந்தால் இன்னொரு 1 ஜிபி அளவுக்குப் போய்விடும், பிள்ளை பாடப்புத்தக பிடிஎஃப்பையும் திறந்துவிட்டால் அவ்வளவுதான், இடம் தீர்ந்தது. அப்போது விண்டோஸ் என்ன செய்யும்? உள்ளே இருப்பதை முதலில் சுருக்கிப் பார்க்கும், அதுவும் போதாவிட்டால் உடனே தேவைப்படாதவற்றை 4 கேபி துண்டுகளாக டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு, கேட்கும்போது திரும்ப எடுத்துவரும்.

அந்த எடுத்துவருவதில்தான் கோளாறு. லேப்டாப் ஹார்ட் டிஸ்க்கின் தட்டு பொதுவாக நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும், அதாவது ஒரு சுற்றுக்கு 11 மில்லி செகண்ட். படிக்கும் முனை நகர்ந்து, தேவையான இடம் சுற்றி வந்து சேர, ஒரு துண்டுக்குச் சராசரியாக 15 மில்லி செகண்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். டீச்சர் குரலோ பெரும்பாலும் 20 மில்லி செகண்ட் நீளமுள்ள சின்னச் சின்னப் பொட்டலங்களாக வருகிறது. கொஞ்சம் பொட்டலங்களை முன்கூட்டியே சேர்த்து வைத்துத்தான் மென்பொருள் ஒலிக்கிறது, ஆனாலும் டிஸ்க்கில் பத்து, இருபது துண்டுகளுக்கு வரிசையாகக் காத்திருக்க நேர்ந்தால் அந்தச் சேமிப்பும் காலி. அங்கேதான் "டக் டக்" என்று வெட்டுகிறது.

வெளியே போன 100 எம்பியைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்றால் அது சுமார் 25,600 துண்டுகள். எல்லாம் சிதறிக் கிடந்தால் ஹார்ட் டிஸ்க்குக்கு ஆறு நிமிடம் ஆகும்! (நிஜத்தில் அடுத்தடுத்து இருப்பதைச் சேர்த்து எடுப்பதால் இவ்வளவு மோசமில்லை.) ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக வரும் எஸ்எஸ்டியில் சுற்றும் தட்டே கிடையாது, எல்லாம் சிப்தான், அதே வேலை சில நொடிகளில் முடியும். மலிவு லேப்டாப்களில் வரும் இஎம்எம்சி என்ற சேமிப்புச் சிப் வேகத்தில் இரண்டுக்கும் நடுவில், அதுவும் 64 ஜிபி என்றால் விண்டோஸ் அப்டேட்டுக்கே இடம் பற்றாது, வேண்டாம்.

இதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். வகுப்பு ஓடும்போது Ctrl + Shift + Esc அழுத்துங்கள், Performance பக்கத்துக்குப் போங்கள். Memory 90 சதவீதத்துக்கு மேலும், Disk 100 சதவீதத்திலும் ஒட்டிக்கொண்டு நின்றால் நெட் பிளானை மாற்றிப் பிரயோஜனம் இல்லை. இரண்டும் சும்மா இருந்தும் குரல் வெட்டுகிறதா, அப்போது நெட்டைத் திட்டலாம்.

ஆக, நான் பார்க்கச் சொல்வது 8 ஜிபி ராமும் 256 ஜிபி எஸ்எஸ்டியும். பிராசஸர் அதற்குப் பிறகுதான். "ஐ7 சார்" என்று கடையில் பழைய லேப்டாப்பைக் காட்டினால் மயங்காதீர்கள், ஸ்டிக்கரை விட அதன் பின்னால் வரும் எண் முக்கியம். i7-6600U என்பது ஆறாம் தலைமுறை, இரண்டே கோர், அதற்கு விண்டோஸ் 11 முறைப்படி கிடையாது. விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டோ 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. பன்னிரண்டாம் தலைமுறை i3-1215U-வில் ஆறு கோர் இருக்கிறது. செகண்ட் ஹேண்ட் வாங்குவதில் தப்பில்லை, இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் கீழே இறங்காதீர்கள்.

காசு கொடுக்கும் முன் கடையிலேயே அதே Memory பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள். Slots used என்ற இடத்தில் 1 of 2 என்றிருந்தால் பின்னால் இன்னொரு ராம் போட்டுக்கொள்ளலாம். Form factor என்பதில் Row of chips என்றிருந்தால் ராமை போர்டிலேயே பற்றவைத்துவிட்டார்கள் என்று அர்த்தம், அதை மாற்ற முடியாது, அப்படிப்பட்டதில் 4 ஜிபி வாங்கவே வாங்காதீர்கள்.

ஏற்கனவே ஹார்ட் டிஸ்க் லேப்டாப் வைத்திருப்பவர்கள் அவசரப்பட்டுப் புதிதாக வாங்க வேண்டாம். டிஸ்க்கை எடுத்துவிட்டு 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி போட்டுத் தரச் சொல்லிக் கேளுங்கள், முடிந்தால் ராமையும் கூட்டுங்கள். சரி, யார் யார் வீட்டில் என்ன லேப்டாப் இருக்கிறது? ஒவ்வொருவராகச் சொல்லுங்கள், பார்ப்போம்.