ஃபிளாஸ்க் காட்டிக்கொடுத்த காற்று

கிளைடர் பறக்கும் நேரம் முழுவதும் கீழேதான் இறங்கிக்கொண்டிருக்கிறது. பார்ப்பதற்கு மேலே ஏறுவது போலிருந்தாலும், தன்னைச் சுற்றியுள்ள காற்றைப் பொறுத்தவரை அது சறுக்கிக்கொண்டே இருக்கிறது. எஞ்சின் இல்லாத விமானம் வேகத்தை இழக்காமலிருக்க வேறு வழி கிடையாது. உயரத்தைச் செலவழித்துத்தான் வேகம் வாங்க முடியும். மேலே போகும் எஸ்கலேட்டரில் ஒருவர் நிதானமாகக் கீழ்நோக்கி நடக்கிறார் என்று வையுங்கள். படி அவரைவிட வேகமாக ஏறினால், நடந்தபடியே மேல்மாடிக்குப் போய்விடுவார். கிளைடர் ஓட்டி தேடுவது அந்தப் படிக்கட்டைத்தான். சிக்கல் என்னவென்றால், அது கண்ணுக்குத் தெரியாது.

செலவு எவ்வளவு என்று முதலில் பார்ப்போம். உலகம் முழுக்கப் பயிற்சிக்குப் பயன்படும் ஏஎஸ்கே 21 என்ற இருவர் அமரும் கிளைடர், அமைதியான காற்றில் ஒரு மீட்டர் இறங்குவதற்குள் சுமார் 34 மீட்டர் முன்னே போய்விடும். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் போனால், நொடிக்கு முக்கால் மீட்டர்தான் இறக்கம். ஆகவே காற்று நொடிக்கு ஒரு மீட்டர் எழும்பினாலே போதும், உயரம் குறையாது.

எழும்பும் காற்றை மனிதர்கள் முதலில் சரியாகப் பிடித்துக்கொண்டது மலைச்சரிவில். ஜெர்மனியில் வாஸர்குப்பே என்று 950 மீட்டர் உயர மொட்டை மலை ஒன்று உண்டு. முதல் உலகப்போருக்குப் பின் எஞ்சின் விமானங்களுக்குக் கட்டுப்பாடு வந்ததால், அந்நாட்டு மாணவர்கள் எஞ்சின் இல்லாமல் பறக்க அங்கே கூடினார்கள். 1922 ஆகஸ்டில் ஹானோவர் மாணவர்கள் கட்டிய 'வாம்பியர்' என்ற கிளைடரில் ஆர்தர் மார்ட்டென்ஸ் ஒரு மணி நேரத்துக்கு மேல் வானில் நின்றார். சில நாளிலேயே அதே கிளைடரில் ஹென்ட்ஸன் மூன்று மணி நேரத்தைத் தாண்டினார்.

அவர்கள் செய்தது எளிமையானது. சமவெளியில் வரும் காற்று மலையில் மோதினால் போக இடமில்லாமல் சரிவோடு மேலே திரும்புகிறது. காற்று நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் 15 பாகைச் சரிவில் ஏறினால், அதில் நேர் மேலே போகும் பங்கு நொடிக்கு இரண்டரை மீட்டருக்கு வரும். கிளைடரின் இறக்கத்தைக் கழித்தாலும் கையில் நிறைய மிஞ்சும். ஆனால் அந்தப் பங்கு காற்று வந்து மோதும் பக்கத்தில், சரிவுக்கு முன்னாலும் முகட்டுக்கு மேலும் மட்டும்தான். மலைக்குப் பின்பக்கம் அதே காற்று கீழே பாயும், சுருண்டு புரளும். அங்கே சிக்கினால் மலையே கிளைடரை விழுங்கிவிடும். அதனால்தான் சரிவோடு நீளமாகப் போய், மலைக்கு எதிர்ப்புறமாகவே திரும்பி, எட்டு எழுதியதுபோல் வந்துபோவார்கள். மலைப்பக்கம் திரும்பினால் பின்காற்று கிளைடரைச் சரிவின்மேல் தள்ளிவிடும். காற்று சாய்ந்து அடித்தாலோ வலு குறைந்தாலோ ஆட்டம் முடிந்தது.

இன்னொரு குறையும் உண்டு. எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது. மலைக்காற்றில் பறப்பவர் மலைக்குக் கட்டுப்பட்டவர். காற்று அடிக்கும்வரை நாள் முழுக்கக்கூட மேலே இருக்கலாம், ஆனால் முகட்டை விட்டுக் கொஞ்சம் விலகினாலே இறங்க வேண்டியதுதான். கட்டுத்தறியில் கட்டிய மாடு மாதிரி.

கட்டை அவிழ்த்தது தெர்மல் என்ற, சூடாகி எழும் காற்று. வெயிலில் எல்லா நிலமும் ஒரே அளவில் சூடாவதில்லை. காய்ந்த உழவு நிலமும் பாறையும் ஓட்டுக்கூரைகள் நெருங்கிய ஊரும் சீக்கிரம் சூடாகும். ஏரியும் ஈர வயலும் தாமதிக்கும். சூடான தரைமேல் படிந்த காற்று சுற்றுக் காற்றைவிட ஒரு பாகை அதிகம் சூடாக இருந்தாலே போதும், பிய்த்துக்கொண்டு கிளம்பிவிடும். ஏற ஏற அழுத்தம் குறைவதால் விரிந்து, 100 மீட்டருக்கு ஒரு பாகை வீதம் குளிரும். அப்போதும் சுற்றியுள்ள காற்றைவிடச் சூடாக இருக்கும்வரை ஏறிக்கொண்டே இருக்கும். போதிய ஈரம் இருந்தால் உச்சியில் பஞ்சுப்பொதி மேகம் கட்டும். தரையில் 32 பாகை வெப்பம், காற்றின் ஈரம் துளியாகத் தொடங்கும் பனிநிலை 20 பாகை என்றால் மேகத்தின் அடி சுமார் 1500 மீட்டரில் இருக்கும். ஒரு பாகை வித்தியாசத்துக்கு 125 மீட்டர் என்பது கணக்கு.

பருந்துகள் எந்தக் காலத்திலோ கற்றது இது. மனிதருக்குச் சிக்கலான இடம் நம் உடம்புதான். சீரான வேகத்தில் மேலே போனாலும் கீழே போனாலும் உடம்புக்கு ஒரே மாதிரிதான் இருக்கும். லிஃப்ட் கிளம்பும்போதும் நிற்கும்போதும்தானே வயிறு உணர்கிறது! தெர்மலுக்குள் நுழையும்போது இருக்கை ஒரு முட்டு முட்டும், அவ்வளவுதான். அதன்பின் உள்ளே இருக்கிறோமா, வெளியே வந்துவிட்டோமா என்று தெரியாது.

1928-இல் ராபர்ட் குரோன்ஃபெல்டு வாஸர்குப்பே மலையை விட்டு மேகங்களின் அடியைப் பிடித்துக்கொண்டு வேறொரு மலைக்குப் போய்த் திரும்பினார். ஏறுகிறோமா இறங்குகிறோமா என்று காட்டும் பலூன்காரர்களின் கருவி ஒன்று அவரிடம் இருந்தது: வேரியோமீட்டர். பழைய வகையில் அதன் வயிறு சாதாரண ஃபிளாஸ்க்தான். கிளைடர் ஏறினால் வெளி அழுத்தம் குறைந்து, ஃபிளாஸ்க்கிலிருந்து காற்று ஒரு மெல்லிய குழாய் வழியே கசியும். இறங்கினால் உள்ளே போகும். அந்தக் கசிவு ஒரு சிறு தகட்டைத் தள்ள, முள் நகரும். வெளியே சூடு மாறினாலும் உள்ளே மாறக் கூடாது என்பதற்காகத்தான் ஃபிளாஸ்க்.

இப்போது 600 மீட்டரில் தெர்மலைத் தொட்ட ஓர் ஏஎஸ்கே 21-ஐப் பார்ப்போம். இடது இறக்கை மேலே தூக்கப்பட்டால் தெர்மல் இடப்பக்கம். அந்தப் பக்கமே திரும்ப வேண்டும். 45 பாகை சாய்ந்து மணிக்கு 80 கிலோமீட்டரில் சுற்றினால் வட்டத்தின் ஆரம் 50 மீட்டர், ஒரு சுற்றுக்கு 14 நொடி. சாய்ந்ததற்கான வரியாக இறக்கம் நொடிக்கு 1.1 மீட்டர் ஆகிவிடும். காற்று 3 மீட்டர் வேகத்தில் ஏறினால் மிச்சம் 1.9. மேகத்தடி 1500 மீட்டர் வரை போக எட்டு நிமிடம், முப்பத்துச் சொச்சம் சுற்று. முள் ஏறினால் சாய்வைக் கொஞ்சம் நிமிர்த்தி அந்தப் பக்கம் நகர்வார். விழுந்தால் இறுக்கித் திருப்புவார். முள் ஒன்றிரண்டு நொடி தாமதித்துக் காட்டும் என்பதால், அது உச்சத்தைத் தொடும்போது நல்ல இடம் ஏற்கெனவே பின்னால் போயிருக்கும்.

முள் பொய்யும் சொல்லும். கைப்பிடியை இழுத்தால் வேகம் உயரமாக மாறி, தெர்மல் இல்லாமலே ஏற்றம் காட்டும். அதனால் வேக மாற்றத்தையும் சேர்த்துக் கழிக்கும்படி இன்றைய கருவிகளை அமைக்கிறார்கள். அப்படி இல்லாவிட்டால் வேகமானி முள்ளையும் சேர்த்துப் பார்த்தால் குட்டு வெளிப்படும்: வேகம் குறைந்துகொண்டே ஏற்றம் வந்தால் அது காற்று கொடுத்ததல்ல.

1500 மீட்டரிலிருந்து அடுத்த மேகம் நோக்கிக் கிளம்பினால், 500 மீட்டர் மீதம் வைத்து அமைதியான காற்றில் 34 கிலோமீட்டர் போகலாம். நிஜத்தில் அவ்வளவு கிடைக்காது; ஏறும் காற்றைச் சுற்றி இறங்கும் காற்று இருக்கும். மாலையில் தரை ஆறி மேகங்கள் கிழிந்து கரையத் தொடங்கினால் அடுத்த தெர்மல் சந்தேகம்தான். 300 மீட்டர் நெருங்கினால் ஓட்டி தெர்மல் தேடுவதை விட்டு வயல் தேடுவார்: அறுத்துவிட்ட கட்டையா, நின்ற பயிரா, குறுக்கே மின்கம்பி உண்டா, அடுப்புப் புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று. இறங்கியபின் இறக்கைகளைக் கழற்றி டிரெய்லரில் ஏற்ற நண்பர்கள் வண்டி எடுத்து வரவேண்டும்.